பேப்பர் விளம்பரத்தை 30 விநாடி ரேடியோ ஸ்பாட்டாக மாற்ற வேண்டும், எழுதியதைப் பார்த்துச் சொல்லுங்கள்

கரிசல்காற்று

வணக்கம். கோவில்பட்டி பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். நோட்டீஸ், பேப்பர் விளம்பரம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் எழுதிப் பழக்கம். ரேடியோவுக்கு இதுவரை எழுதியதில்லை. மோட்டார் ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் எஃப்எம்மில் 30 விநாடி வாங்கிவிட்டு, "பேப்பர்ல போட்டதையே ரேடியோவுக்கு மாத்திக் குடுங்க" என்று வந்து நிற்கிறார். பேப்பரில் போன மேட்டர் இது. கடைப் பெயரை மாற்றியிருக்கிறேன்:

"நம்ம மோட்டார்ஸ். சப்மெர்சிபிள், மோனோபிளாக், ஜெட், கம்ப்ரஸர் மோட்டார்கள், மிக்சி, கிரைண்டர், டேபிள் ஃபேன், சீலிங் ஃபேன் அனைத்தும் சிறந்த முறையில் ரீவைண்டிங் செய்து தரப்படும். ஒரிஜினல் காப்பர் ஒயர். நேரில் வந்து கழற்றி மாட்டித் தரப்படும். கதவு எண் 14/3, மெயின் ரோடு, பஸ் ஸ்டாண்ட் பின்புறம். ஞாயிறு மதியம் வரை. செல்: (இரண்டு எண்), கடை: (ஒரு லேண்ட்லைன்)."

இதை அப்படியே படித்துப் பார்த்தேன். மூச்சு முட்டப் படித்தும் 40 விநாடி தாண்டுகிறது. எதை வெட்டுவது, சத்தம் எங்கே சேர்ப்பது? எண்களைக் கடைசியில் போட்டால் போதுமா?

நகல்நவீன்

ரொம்ப எளிது. 30 விநாடிக்கு 75 வார்த்தை என்பது கணக்கு. உங்கள் மேட்டரை 75 வார்த்தைக்குள் கொண்டுவாருங்கள், உட்கார்ந்துவிடும். பின்னணியில் நல்ல பீட் போட்டால் முடிந்தது. மூன்று எண்ணும் வரட்டும், ஒன்று பிஸியாக இருந்தால் இன்னொன்றில் கூப்பிடுவார்கள்.

சும்மாபார்வை

பேப்பரில் இடம் குறைக்க வேண்டுமென்றால் வரி விளம்பரமாகப் போடுங்கள், பாக்ஸ் வேண்டாம். நான் வீடு வாடகைக்கு விட அப்படித்தான் போட்டேன், செலவு பாதியாகிவிட்டது.

கரிசல்காற்று

@சும்மாபார்வை, பேப்பருக்கு இல்லை சார். அது ஏற்கெனவே வந்துவிட்டது. இது ரேடியோவுக்கு.

@நகல்நவீன், எண்ணிப் பார்த்தேன், போன் எண்களையும் சேர்த்தே 75 வார்த்தைக்குள்தான் இருக்கிறது. அப்போதும் 40-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறதே?

பழையமைக்

இறங்காது. அந்த 75 ஆங்கில விளம்பரக்காரர்களின் கணக்கு. "ஃப்ரம் தி பஸ் ஸ்டாண்ட்" என்று அவர்கள் நான்காக எண்ணுவதை நாம் "பஸ் ஸ்டாண்டிலிருந்து" என்று இரண்டில் முடிக்கிறோம், ஆனால் வாய்க்கு வேலை குறைவதில்லை. விகுதி எல்லாம் ஒட்டிக்கொண்டு வருவதால் தமிழ் வார்த்தை நீளம். அவசரமில்லாமல் படித்தால் 30 விநாடியில் 45 வார்த்தை போகும், மிஞ்சினால் 50. அதுவும் நடுவில் சத்தமோ இடைவெளியோ எதுவும் இல்லாவிட்டால்தான். நான் வார்த்தையை எண்ணுவதையே விட்டுவிட்டேன். போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு வாய்விட்டுப் படிப்பேன். மனதுக்குள் படித்தால் எப்போதும் வேகமாகத்தான் வரும், ஏமாந்துவிடுவீர்கள்.

இனி முக்கியமான விஷயம். நீங்கள் மேலிருந்து எழுதிக்கொண்டு வந்து, மிச்சம் இருக்கிற இடத்தில் எண்ணைத் திணிக்கப் பார்க்கிறீர்கள். ரேடியோவில் முதலில் எண்ணுக்கு இடம் ஒதுக்க வேண்டும். பத்து இலக்கத்தை நடுவில் நிறுத்தி, ஒவ்வொன்றும் காதில் விழுகிற மாதிரி சொல்ல 5 விநாடி ஆகும். பேப்பரில் கண் திரும்பிப் போய்ப் பார்க்கும். காது திரும்பிப் போகாது, அதனால் இரண்டு தடவை சொல்ல வேண்டும். 10 விநாடி காலி. "எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு முன்னறிவிப்பும், இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சும் சேர்த்தால் 12. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. மிச்சம் இருக்கிற 18-இல்தான் கதை, சத்தம், கடைப் பெயர் எல்லாம்.

நவீன் சொல்கிற மூன்று எண்ணை இதே மாதிரி சொன்னால் 30 விநாடியும் எண்ணுக்கே போய்விடும், அப்புறம் எந்தக் கடை என்று யாருக்கும் தெரியாது. ஒரே எண்தான். எது என்று கடைக்காரரிடம் கேளுங்கள், ஆனால் ஃபேன்ஸியான எண்ணைக் கேட்காதீர்கள். காலை 6 மணிக்கு அடித்தால் யார் எடுப்பார்களோ அந்த எண். வீட்டில் தண்ணீர் வராத விஷயம் அந்த நேரத்தில்தான் தெரியும்.

கரிசல்காற்று

இது புரிகிறது, நன்றி. அப்படியானால் பட்டியல் முழுக்கப் போக வேண்டும். மிக்சி, ஃபேன், கதவு எண், ஞாயிறு எல்லாம். கடைக்காரர் மனசு வருத்தப்படும், இருந்தாலும் பேசிப் பார்க்கிறேன். முதல் டிராஃப்ட்:

(தண்ணீர் கொட்டும் சத்தம், 3 விநாடி)
பெண்: ஐயோ, தண்ணி நின்னு போச்சே!
(ஆம்புலன்ஸ் சைரன்)
ஆண்: கவலைப்படாதே! காயில் போயிருக்கும். நம்ம மோட்டார்ஸுக்கு போன் போடு!
குரல்: சப்மெர்சிபிள், மோனோபிளாக் மோட்டார்கள் சிறந்த முறையில் ரீவைண்டிங் செய்து தரப்படும். நம்ம மோட்டார்ஸ், கோவில்பட்டி.
(இசை) எண், இரண்டு முறை.

எண் நிஜமானது இல்லை. இங்கே போடுவதற்காக 1550008216 என்று வைத்துக்கொள்கிறேன். மொபைல் எண் 1-இல் தொடங்காது, அதனால் யாருக்கும் தப்பான போன் போகாது. ஆனால் நிஜ எண்ணிலும் இதே இடத்தில் மூன்று சைபர் இருக்கிறது.

காயில்கட்டுபவன்

ரேடியோ பற்றி எனக்குத் தெரியாது, 22 வருஷமாக மோட்டார் பார்க்கிறேன். இரண்டு விஷயம்.

மோட்டார் சத்தம் சேர்க்க நினைத்தால், சப்மெர்சிபிள் போருக்குள் கிடக்கிறது, மேலே சத்தம் கேட்காது. மேலே கேட்பது ஸ்டார்ட்டர் பெட்டியில் விழுகிற "டக்"கும், தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் பைப்பில் வருகிற காற்றும்தான்.

அடுத்தது, மோட்டார் "ம்ம்ம்" என்று இரைந்துகொண்டு சுற்றாமல் நிற்கிறது என்றால், வீட்டு சிங்கிள் பேஸ் மோட்டாரில் அது பெரும்பாலும் கண்டென்சர் கோளாறு. தோட்டத்து த்ரீ பேஸ் என்றால் ஒரு பேஸ் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இரைந்தால் ரிலே தட்டி "டக்" என்று நின்றுவிடும். ரிலே தட்டாவிட்டால்தான் காயில் எரியும், நாற்றம் வரும். ரேடியோவில் "காயில் போயிருக்கும்" என்று சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். அதைவிட மோசம், கண்டென்சர் மாற்ற வருகிற ஆள் காயிலுக்குக் காசு கேட்பாரோ என்று வாடிக்கையாளருக்குப் பயம் வரும்.

பழையமைக்

அருமை. ஸ்பாட்டின் முதல் நான்கு விநாடியை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். "டக்… ம்ம்ம்ம்… டக்." மோட்டாரை மேலே வைத்திருக்கிற வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சத்தம். காதை நிமிர வைக்கும்.

கரிசல்காற்று, உங்கள் முதல் சத்தத்தில்தான் வம்பு. தண்ணீர் கொட்டுகிற சத்தத்தை மட்டும் தனியாகப் போட்டால் ரேடியோவில் அது தண்ணீராகக் கேட்காது. வடை பொரிகிறதா, மழையா, கூட்டம் கை தட்டுகிறதா, ஸ்டேஷன் சரியாகப் பிடிக்கவில்லையா என்று நான்கு விதமாகக் கேட்கும். எல்லாமே ஒரே மாதிரி "ஷ்ஷ்". வேண்டுமென்றால் காலி பிளாஸ்டிக் குடத்தைக் குழாயடியில் வைத்து, மைக்கைக் குடத்தின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பதியுங்கள். குடம் நிரம்ப நிரம்பச் சத்தம் மேலே ஏறும். அந்த ஏற்றத்தைக் கேட்டால் குழந்தைகூடத் தண்ணீர் என்று சொல்லும். பதிவில் கடைசி இரண்டு விநாடியை மட்டும் எடுங்கள். முதல் பகுதி வெறும் இரைச்சல்தான்.

அப்புறம் ஒவ்வொரு சத்தத்தையும் அடுத்த வரியில் ஒரு ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "மோட்டார் இரையுது" என்று அந்தப் பெண் சொன்ன கணத்தில் அந்த "ம்ம்ம்" மோட்டாராகிவிடும். சொல்லாவிட்டால் தேனீயாகவும் இருக்கலாம்.

சைரனைத் தூக்கிவிடுங்கள். அகில இந்திய வானொலியின் விளம்பர விதிகளிலேயே சைரன், துப்பாக்கிச் சத்தம், அலறல், காட்டுச் சிரிப்பு எல்லாம் கூடாது என்று இருக்கிறது. தனியார் எஃப்எம்மில் போட்டாலும், கார் ஓட்டிக்கொண்டு கேட்பவன் ஆம்புலன்ஸ் வருகிறதா என்று கண்ணாடியைப் பார்ப்பான். உங்கள் எண்ணைக் கேட்க மாட்டான்.

டியூஷன்டீச்சர்

என் அனுபவம் ஒன்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் டியூஷனுக்கு ஸ்பாட் போட்டேன். எழுதிப் பதிந்தது எல்லாம் நன்றாகவே வந்தது. ஃபைல் 31 விநாடிக்குக் கொஞ்சம் மேலே இருந்ததாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஒளிபரப்பில் எண்ணின் கடைசி இலக்கம் வருவதற்குள் அடுத்த நகைக்கடை விளம்பரம் ஆரம்பித்துவிட்டது. முதல் தடவை சொன்னபோது முழுதாக வந்தது, இரண்டாவது தடவையில்தான் வெட்டு. ஒன்பது இலக்கத்தை எழுதிவைத்துக்கொண்டு ஒரு அம்மா நேரில் வந்து காட்டினார். ஒன்பது நாள் ஓடிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பழையமைக்

நேரம் 10, 20, 30 என்று விற்கிறார்கள். அதைத் தாண்டினால் அடுத்த அளவுக்குப் பணம் கேட்பார்கள், இல்லையென்றால் வாலை நறுக்குவார்கள். நம் ஸ்பாட்டில் வால்தான் எண். அதனால் 29.5-க்குள் முடித்து, பின்னால் அரை விநாடி வெறும் அமைதியை ஃபைலிலேயே விட்டுக் கொடுங்கள். முதல் ஒளிபரப்பை நீங்களே உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.

கரிசல்காற்று

சரி, எண்ணைப் பற்றிச் சொல்லுங்கள். 155 000 8216. எழுதும்போது அழகாகத்தான் இருக்கிறது. வாயால் எப்படிச் சொல்வது? கடைக்காரர் "ஒண்ணு, ரெண்டு அஞ்சு, மூணு சைபர், எட்டு ரெண்டு ஒண்ணு ஆறு" என்கிறார்.

பழையமைக்

அவர் சொன்னதை எழுதாமல் அப்படியே டயல் செய்து பாருங்கள். "ரெண்டு அஞ்சு" என்றால் 55-ஆ, 25-ஆ? "மூணு சைபர்" என்றால் 000-ஆ, 30-ஆ? முன்னால் உட்கார்ந்து சொன்னால் கை சைகையில் புரியும். ரேடியோவில் பாதிப் பேர் 1 25 30 8216 என்று போடுவார்கள், ஒரு இலக்கம் குறைகிறதே என்று விட்டுவிடுவார்கள். எத்தனை தடவை வருகிறதோ அத்தனை தடவையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். "அஞ்சு, அஞ்சு". "சைபர், சைபர், சைபர்".

நகல்நவீன்

அதற்குத்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். "டபுள் ஃபைவ், ட்ரிபிள் ஜீரோ". குழப்பமே இல்லை, நேரமும் மிச்சம். இன்று யார் தமிழில் எண் சொல்கிறார்கள்? காய்கறிக்காரம்மாகூட "நைன் எயிட்" என்றுதான் சொல்கிறார்.

பழையமைக்

இதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். போன் எண்ணை ஆங்கிலத்தில் சொல்வதும் கேட்பதும் இன்று பழக்கம், உண்மைதான். "டபுள்" தெளிவாகவும் இருக்கிறது. ஆனால் சின்ன ஸ்பீக்கரில் "ஃபைவ்"வும் "நைன்"னும் ஒன்றுபோலக் கேட்கும், உயிர் ஒன்றேதான். அப்புறம் பாருங்கள், பலரும் செய்கிற மாதிரி ஐந்து ஐந்தாகப் பிரித்தால் இந்த எண் 15500 – 08216 என்று ஆகும். மூன்று சைபரில் இரண்டு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். "டபுள் ஜீரோ… ஜீரோ எயிட்" என்று சொன்னால், சொல்பவர் திக்கித் திருத்துகிறார் என்று நினைத்து ஒரு சைபரை விட்டுவிடுவார்கள். அதனால் இந்த எண்ணுக்கு 155 – 000 – 8216தான். வேறு எண்ணாக இருந்தால் நானே ஐந்து ஐந்தாகப் பிரிக்கச் சொல்லியிருப்பேன்.

வடமராட்சியான்

எங்கள் பக்கம் இந்தக் கேள்வியே வராது. இலங்கையில் மொபைல் எண் 07-இல் தொடங்கும் பத்து இலக்கம். 077, பிறகு மூன்று, பிறகு நாலு என்று சொல்லித்தான் எல்லாருக்கும் பழக்கம். முதல் மூன்றைக் கேட்டவுடனே எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிடும், மனதில் நிற்க வேண்டியது மிச்சம் ஏழுதான். உங்களுக்கு முதல் இலக்கத்திலிருந்தே புதுசு. அதனால் நீங்கள் இன்னும் மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

டியூஷன்டீச்சர்

நான் தமிழ் டீச்சர் என்பதால் ஒன்று சொல்லட்டுமா? ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. எல்லாமே உகரத்தில் முடிகிறது. அதிலும் ஏழைத் தவிர மற்றதெல்லாம் குற்றியலுகரம், பாதி ஓசைதான். அதாவது தமிழ் எண்ணின் வால் காதுக்கு எந்த உதவியும் செய்யாது, தலையை வைத்துத்தான் அடையாளம். பேச்சில் இன்னும் மோசம். "ஒண்ணு", "மூணு" இரண்டையும் பக்கத்து அறையிலிருந்து கேட்டுப் பாருங்கள். குரல் கொடுப்பவர் முதல் எழுத்தை அமுக்கிச் சொல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுதான். சைபர் மட்டும் தப்பித்தது. "ஒன்று, மூன்று" என்று எழுத்து வடிவத்திலேயே சொல்லச் சொல்வேன்.

பழையமைக்

டீச்சர், இத்தனை வருஷம் மைக் முன்னால் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லை. கடைசி இலக்கத்தில் குரல் இறங்கி "ஆற்…" என்று விழுங்கிவிடுவார்கள் என்று மட்டும் தெரியும். வாக்கியம் முடிகிறது என்று குரல் தானாக இறங்கும். அதற்கு ஒரு தந்திரம், பதியும்போது கடைசி இலக்கத்துக்குப் பிறகு "தான்" என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுவேன். "எட்டு, இரண்டு, ஒன்று, ஆறு, தான்." அப்புறம் எடிட்டில் "தான்"ஐ வெட்டிவிடுவேன். ஆறு நிமிர்ந்து நிற்கும்.

எண் வரும்போது இசை வேண்டாம். குறைத்துப் போடுகிறேன் என்பார்கள், அதுவும் வேண்டாம். அது வரை சத்தமாக இருந்துவிட்டு சட்டென்று எல்லாம் நின்றால், அந்த அமைதியே "இதோ எண்" என்று சொல்லிவிடும்.

கரிசல்காற்று

இரண்டாவது டிராஃப்ட். மனைவியும் நானும் படித்து நேரம் பார்த்தோம்.

(ஸ்டார்ட்டர் "டக்". மோட்டார் "ம்ம்ம்ம்". "டக்".) 3 விநாடி

பெண்: என்னங்க, மோட்டார் இரையுது… தண்ணி வரலையே!
ஆண்: கையை வைக்காதே. நம்ம மோட்டார்ஸுக்கு ஒரு போன் போடு. 5 விநாடி

குரல்: நம்ம மோட்டார்ஸ், கோவில்பட்டி. வீட்டு மோட்டார், தோட்டத்து மோட்டார் எதுவானாலும், நேரில் வந்து கழற்றி, சரிசெய்து, மாட்டித் தருவோம். 7 விநாடி

(குடம் நிரம்பும் சத்தம்) 2 விநாடி. அரை விநாடி அமைதி.

குரல்: எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஐந்து, ஐந்து. சைபர், சைபர், சைபர். எட்டு, இரண்டு, ஒன்று, ஆறு. மறுபடியும்… (அதே எண்) 12 விநாடி

மொத்தம் 29.5. "தரப்படும்" எல்லாம் "தருவோம்" ஆகிவிட்டது, வாயில் வரும்போது அது தானாகவே மாறிவிட்டது. கடைக்காரர் ஒரு விஷயத்தில் மட்டும் அடம் பிடிக்கிறார், "ஒரிஜினல் காப்பர் ஒயர்" வர வேண்டுமாம்.

காயில்கட்டுபவன்

அவர் அடம் நியாயம்தான். இப்போது அலுமினிய ஒயரில் கட்டுகிறவர்கள் நிறைய, தொழிலில் அதுதான் மானப் பிரச்சினை. "தோட்டத்து மோட்டார்" என்ற இடத்தில் வெட்டி "காப்பர் ஒயரில் கட்டி" என்று போட முடியாதா?

பழையமைக்

வெட்டினால் தோட்டக்காரர்கள் போய்விடுவார்கள், கோவில்பட்டியில் அது பெரிய இழப்பு. "சரிசெய்து" என்பதை எடுத்துவிட்டு "காப்பரில் கட்டி" என்று போட்டால் ஏறக்குறைய அதே நேரம்தான் வரும். ஆனால் கண்டென்சர் போனவனுக்கும் காயில் கட்டுகிறோம் என்று ஆகிவிடும், நீங்கள் சொன்ன அதே பயம். நான் சேர்க்க மாட்டேன். கடைக்காரர் காசு கொடுக்கிறார், அவர் முடிவு.

டிராஃப்ட் நன்றாக இருக்கிறது. பதிந்த பிறகு ஒன்று செய்யுங்கள். ஸ்டுடியோ ஸ்பீக்கரில் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். சாதாரண போனில் போட்டு சமையலறை மேடையில் வைத்து, மிக்சியை ஓடவிட்டு, இந்த வேலையில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் ஒரு பேனா கொடுங்கள். ஒரே தடவை போடுங்கள். அவர் எழுதிய எண்ணை வாங்கிப் பாருங்கள்.

நகல்நவீன்

தமிழ் எண்ணில் ஒரு டேக், ஆங்கிலத்தில் ஒரு டேக் இரண்டும் பதிந்து இதே சோதனை செய்யுங்கள். அப்புறம் பேசலாம்.

கரிசல்காற்று

செய்து பார்த்துவிட்டேன், ஸ்டுடியோ இல்லை, என் போனிலேயே பதிந்ததுதான். மிக்சிக்குப் பதில் கிரைண்டர் ஓடியது. ஐந்து பேர். தமிழ் டேக்கில் நான்கு பேர் சரியாக எழுதினார்கள். ஐந்தாவது என் மாமியார், 000-ஐ 00 என்று எழுதியிருந்தார். ஆங்கில டேக்கை வேறு ஐந்து பேருக்குப் போட்டேன், "டபுள் ஃபைவ், ட்ரிபிள் ஜீரோ". அதிலும் நான்கு பேர் சரி. தப்பு செய்தவர் பக்கத்துக் கடைப் பையன், அவன் 155 எழுதிய பிறகு சைபரை விட்டுவிட்டு "ட்ரிபிள் எயிட்டா அண்ணே?" என்று கேட்டான்.

ஆக தமிழா ஆங்கிலமா என்று இன்னும் தெரியவில்லை. இரண்டு டேக்கிலும் விழுந்தது அந்த மூன்று சைபரில்தான். கடைக்காரரிடம் வேறு எண் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். அவருடைய இன்னொரு எண்ணில் ஒரே இலக்கம் எங்கும் அடுத்தடுத்து வரவில்லையாம், ஆனால் அது அவர் மகன் கையில் இருக்கிறது, அவன் காலை 9 மணி வரை தூங்குவானாம்.

பழையமைக்

சிம்மை மாற்றிப் போடச் சொல்லுங்கள்.